அரைக் கட்டம்

நானாக வாய் திறந்து சொன்னேனா, அவன் கேட்ட பிறகு சொன்னேனா என்பது எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. சில நாள் நானே முந்திக்கொண்டதாக நினைவு வருகிறது. மனது கனத்திருக்கும் நாட்களில் அவனுடைய கேள்விதான் முதலில் கேட்கிறது. மற்றபடி அந்த நாளை நான் மறக்கவில்லை. கரும்பலகையில் எந்தப் பக்கம் வெயில் பட்டது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

அப்போது நான் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். 'தகவல் செயலாக்கம்' பாடம். பிள்ளைகளே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வகுப்பில் எல்லாரிடமும் கேட்டு, பதில்களை எண்ணி, பட்டை வரைபடம் போட்டு, அது என்ன சொல்கிறது என்று பேச வேண்டும்.

"பிடிச்ச பழம் எதுன்னு கேக்கலாமா?" என்றேன்.

"போன வருஷமும் பழந்தான் டீச்சர். போன வருஷமும் ஆப்பிள்தான் ஜெயிச்சுது," என்றான் வக்கீல். எதற்கெடுத்தாலும் வாதாடுகிற பையன் என்பதால் வகுப்பு அவனுக்கு வைத்த பெயர் அது.

கடைசியில் லீடர் பெண் ஒரு கேள்வி சொன்னாள். 'வீட்டுக்குப் போனதும் முதல்ல யார்கிட்ட பேசுவீங்க?' எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர், தாத்தா பாட்டி, நண்பர் என்று ஐந்து பதில்களைப் பலகையில் எழுதினார்கள். ஆறாவதாக 'யாருமில்லை' என்று நான் எழுதினேன்.

"யாரும் இல்லாம எப்படி டீச்சர்? செவுத்துக்கிட்டயா பேசுவாங்க?" என்று வக்கீல் கேட்க, வகுப்பு சிரித்தது.

"எந்தப் பதில் வந்தாலும் அதுக்கு ஒரு இடம் இருக்கணும்டா. இடம் இல்லைன்னா அவங்க பொய்தான் எழுதணும்," என்றேன். அது கணக்கு டீச்சரின் பதில். ஆனால் அதை எழுதும்போது சுண்ணாம்புக்கட்டி உடைந்துவிட்டது.

என்னோடு பதினான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்த அக்கா, மகனுக்குக் குழந்தை பிறந்ததும் அவனோடு போய்விட்டாள். போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். குழந்தை அழுததும் வைத்துவிடுவாள். சில வாரம் மறந்துவிடுவாள். அந்த வாரங்களில் வெள்ளிக்கிழமை மாலை பள்ளி வாசலில் 'வரேன்' என்று சொன்ன குரல், திங்கட்கிழமை வருகைப்பதிவு எடுக்கும்போதுதான் மறுபடி வெளியே வரும். முதல் நாலைந்து பெயர்கள் கரகரக்கும். இருமித் தெளிய வைத்துக்கொள்வேன். சளி என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

யார் என்ன எழுதினார்கள் என்று தெரியக்கூடாது என்பதால் பெயர் போடாத சீட்டு. லீடர் முப்பது சீட்டு வெட்டினாள். அன்று இரண்டு பேர் வரவில்லை, இருபத்தெட்டுப் பேர்தான். ஆறு பதில்களும் அச்சிட்ட மாதிரி ஒவ்வொரு சீட்டிலும் வரிசையாக இருக்கும். பென்சிலால் ஒன்றுக்கு நேரே ஒரு டிக். எப்படிப் போட்டு எப்படி மடிக்க வேண்டும் என்று காட்ட, மிச்சமிருந்த ஒரு சீட்டை நானும் எடுத்தேன்.

எங்கே வேண்டுமானாலும் டிக் போட்டிருக்கலாம். அம்மாவுக்குப் போட்டிருக்கலாம். கை ஆறாவது வரிக்குப் போனது. நாலாக மடித்துக் காட்டி மேஜைமேல் வைத்தேன். பிறகு அதை மறந்துவிட்டேன். லீடர் சுண்ணாம்புக்கட்டி டப்பாவோடு வரிசை வரிசையாகப் போய் சீட்டுகளை வாங்கி, மேஜையில் கொட்டி, மறுபடி அள்ளி டப்பாவில் போட்டாள். மேஜையில் இருந்த என் சீட்டும் அதோடு போயிருக்கிறது.

இடையில் ஒரு சின்ன விஷயம். மூன்றாவது பெஞ்சில் இருந்த பெண் இன்னொரு சீட்டு கேட்டாள். எதையும் எழுதி அழித்து, எழுதி அழித்து, தாளையே ஓட்டை போடுகிறவள். பட்டப்பெயர் ரப்பர். டிக்கை அழித்ததில் சீட்டு கிழிந்துவிட்டதாம். கடைசியாக மிஞ்சிய சீட்டை லீடர் கொடுத்தாள்.

வக்கீல் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் படிக்க, லீடர் பலகையில் கோடு போட்டாள். நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. அம்மாவுக்கு இரண்டு கட்டும் இரண்டு கோடும். முதல் முறை 'யாருமில்லை' என்று படித்தபோது அவன் குரல் சற்றுத் தாழ்ந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கோடுகள் எல்லாவற்றையும் கூட்டி, வகுப்பின் எண்ணிக்கையோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் வரையத் தொடங்க வேண்டும். சாப்பாட்டு மணி அடித்ததில் அதை விட்டுவிட்டேன். இருபது வருஷ அனுபவம் இருந்து என்ன?

மதியம் பெரிய தாளில் வரைந்தார்கள். கீழே ஆறு பதில்கள், இடப்பக்கம் பூஜ்யத்திலிருந்து எண்கள்.

"ஒரு கட்டத்துக்கு ஒருத்தர்னு வச்சா அம்மா தாளை விட்டு வெளிய போயிடுவாங்க டீச்சர்," என்றாள் லீடர்.

"அப்ப ஒரு கட்டத்துக்கு ரெண்டு பேர்னு வை. அதை மறக்காம ஓரத்துல எழுது. பட்டை எல்லாம் ஒரே அகலம், நடுவுல ஒரே இடைவெளி."

அம்மா ஆறு கட்டம். அப்பா ஒன்றரை. கூடப் பிறந்தவர் மூன்று, தாத்தா பாட்டி இரண்டு, நண்பர் ஒன்று. ஓரத்தில் யாருமில்லை, ஒரு கட்டம். தலைப்பை ஸ்கெட்ச் பேனாவால் எழுதினார்கள்: 'எங்கள் வகுப்பு மாணவர்கள் வீட்டுக்குப் போனதும் முதலில் யாரிடம் பேசுவார்கள்?'

"சரி, இந்தப் படம் என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"அப்பாவ விட அம்மாகிட்ட நாலு மடங்கு பேர் பேசுறாங்க."

"அப்பா அந்நேரத்துக்கு வீட்லயே இருக்க மாட்டாரே. அதுக்கு அவர் என்ன பண்ணுவார்?" என்றான் வக்கீல்.

"அது படத்துல இருக்கா?"

"இல்ல டீச்சர். ஏன்னு படம் சொல்லல. எவ்ளோன்னுதான் சொல்லுது."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாடம் நடக்கிறது என்று நினைத்தேன். அப்போது லீடர் எழுந்தாள். "டீச்சர், கூட்டினா இருபத்தொம்போது வருது. நாம இருபத்தெட்டுப் பேர்தான்."

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மேஜையைப் பார்த்தேன். மடித்த சீட்டு இல்லை.

"யாரோ ரெண்டு போட்டிருக்காங்க!"

"ரப்பர்தான் ரெண்டாவது சீட்டு வாங்கினா!"

"நான் போடல," என்றாள் அவள். "கிழிஞ்சதக் குப்பைக்கூடையில போட்டுட்டேன்."

குப்பைக்கூடையை மதியமே ஆயாம்மா கொட்டியிருந்தாள்.

"கிழிஞ்ச சீட்டையும் ஒட்டி மடிச்சுப் போட்டிருப்பா. எங்க கணக்கையே கெடுத்துட்டா," என்றாள் லீடர். அவள் கெட்டவள் இல்லை. கணக்கு தப்பினால் தாங்காதவள், அவ்வளவுதான்.

ரப்பர் தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றுமே எழுதாத பெஞ்சுப் பலகையை ரப்பரால் தேய்க்கத் தொடங்கினாள். காது மட்டும் சிவந்திருந்தது.

நான் சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை. 'அது என் சீட்டு.' சொன்னால் அடுத்த கேள்வி வரும்: நீங்கள் எதற்கு டிக் போட்டீர்கள்? இருபத்தெட்டு ஜோடிக் கண்கள். மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்க்கிறவள்போல நின்றேன். அந்தப் பெண் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"முப்பது சீட்டுதான வெட்டினோம்? டீச்சர் மடிச்சுக் காட்டினாங்களே, அது எங்க?" இது வக்கீல்.

"அது என்னோடது. டப்பாக்குள்ள கலந்துடுச்சு." இது நான்.

இந்த இரண்டில் எது முன்னால் என்பதைத்தான் சொல்ல முடியவில்லை.

ரப்பரின் கை நின்றது. "மன்னிச்சுக்கோம்மா," என்றேன். அவள் தலையாட்டினாள், நிமிராமல்.

"எதைக் குறைக்கணும் டீச்சர்? அம்மாவா?" என்று லீடர் கேட்டாள்.

"கடைசிப் பட்டை."

வக்கீல் மெதுவாக, கண்டுபிடித்துவிட்ட குரலில் சொன்னான்: "அதான் திங்கக்கிழமை உங்களுக்குத் தொண்டை கட்டுதா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"தலைப்புல மாணவர்கள்னு இருக்கு. டீச்சர் மாணவர் இல்ல. ஒண்ணக் கழிச்சா ஒருத்தர். அரைக் கட்டம்," என்றாள் லீடர். அவள் சொன்னது சரி. நானும் "சரி, அழிச்சிடுங்க," என்றேன். அழிப்பதென்றால் ரப்பரைத்தான் கூப்பிடுவார்கள். அவள் போய்ப் பட்டையின் மேல் பாதியில் ரப்பரை வைத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மிச்சமாகும் அரைக் கட்டம் இந்த அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை. என் அவமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அந்தப் பிள்ளையை நான் எண்ணவே இல்லை.

ரப்பர் தேய்க்கவில்லை. வைத்த கையை எடுத்துவிட்டு, "தலைப்ப மாத்தினா கணக்கு சரியாகுமா டீச்சர்?" என்றாள்.

"எப்படி?"

வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டான். "மாணவர்கள்னு போடாம, 'இன்னிக்கு எங்க வகுப்பறையில இருந்தவங்க'ன்னு போடுவோம். இருபத்தொம்போதுதான் சரி. டீச்சர் என்ன, வெளியவா நின்னாங்க?"

லீடர் யோசித்தாள். யாரைக் கேட்டோமோ அவர்களைத் தலைப்பு சரியாகச் சொன்னால் தவறில்லை என்று நான் சொன்னேன். சொல்லும்போது குரல் கரகரத்தது. ஸ்கெட்ச் பேனாவை அழிக்க முடியாது. ஒரு துண்டுக் காகிதத்தில் புதுத் தலைப்பை எழுதிப் பழையதன்மேல் ஒட்டினார்கள். பசை ஈரத்தில் பழைய எழுத்து அடியில் கொஞ்சம் தெரிந்தது.

அன்று மாலை மணி அடித்த பிறகும் நான் வகுப்பிலேயே இருந்தேன். 'யாருமில்லை'க்கு டிக் போட்ட அந்த இன்னொரு பிள்ளை என்னிடம் வரும் என்று எதிர்பார்த்தேன். பைகளை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசிச் செருப்புச் சத்தமும் படியில் இறங்கிவிட்டது. யாரும் வரவில்லை. அடுத்த நாளும் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன்.

வருஷம் முடியும்வரை படம் சுவரில் இருந்தது. பிறகு அதைச் சுருட்டி என் வீட்டு அலமாரிமேல் வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. லீடர் ஒரு மருத்துவமனையில் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறாள். வக்கீல் வக்கீல் ஆகவில்லை. டயர் கடை வைத்திருக்கிறான், விலையில் வாதாடுகிறான். ரப்பரைப் போன வருஷம் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். அன்று யார் முதலில் பேசினது என்று கேட்டேன். தலைப்பு ஒட்டினது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றாள். அவளுடைய பேருந்து வந்துவிட்டது. அக்கா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இன்னொரு சீட்டு யாருடையது என்று எனக்குத் தெரியாது.