நம்பிக்கைக்கு ஆதாரம்

ராஜபாளையத்துக் கம்ப்யூட்டர் கடையில் காளீஸ்வரிக்குத் தலையே வெடித்துவிடும்போல் இருந்தது. கிராம சுகாதார செவிலியராகச் சேத்தூர்ப் பக்கம் பதினாறு வருடம் வீடு வீடாக நடந்தவள், பயிற்றுநர் பதவிக்கான ஆன்லைன் படிவத்தில் தன் வேலையைச் சுருக்கி எழுத வந்திருந்தாள். களப்பணி, தடுப்பூசி, பயிற்சி எல்லாம் ஏறிவிட்டன. படிவத்தின் கடைசிக் கட்டம்தான் உயிரை வாங்கியது.

"மக்கள் நம்பிக்கையைப் பெற்றதற்கு ஆதாரம் கேக்காங்கக்கா. போட்டோ இருக்கா?" என்றான் கடைக்கார விஜயபாண்டி.

"வாசல்ல நின்னு போட்டோ எடுத்தா எவப்பா கதவத் தெறப்பா?"

அந்நேரம் அவள் போன் அடித்தது.

"ஏட்டி, அழாமச் சொல்லு. நாள் தள்ளிப் போயிருக்கா? சரி, ஒன் மாமியாருக்குத் தெரியாம நாளைக்குச் சத்து மாத்திரை கொண்டு வாரேன்."

விஜயபாண்டி துள்ளினான். "இதாங்க்கா ஆதாரம்! பேரு, ஊரு சொல்லுங்க, ஏத்திருவோம்."

காளீஸ்வரி மேசையில் ஓங்கித் தட்டினாள்.

"மூணு மாசம் ஆகாம பெத்தவகிட்டகூட வாயத் தெறக்க மாட்டாளுக. எங்கிட்டச் சொல்லிருக்கா. அத ஒன் கம்ப்யூட்டர்ட்டச் சொல்லவா? அந்தக் கட்டத்துல கோடு போட்டு அனுப்புய்யா!"