நீலமாய் ஒளிரும் கசப்பு

தன் பாரில் புறஊதா விளக்கு மாட்டிய நாளிலிருந்து மாமனாருக்கு ஒரே குறை, ஜின் டானிக் சரியாக ஒளிரவில்லை. டானிக் சோடாவில் கசப்புக்குச் சேர்க்கிற கொய்னா கூடினால் நீலமும் கூடும் என்று யாரோ சொல்ல, இருப்பதிலேயே கசப்பான டானிக்கை இறக்கிவிட்டார். கோப்பை ஜொலித்தது. வந்தவர்கள் படம் எடுத்தார்கள், ஒரு வாய் குடித்தார்கள், வேப்பெண்ணெய் விழுங்கிய மூஞ்சியோடு எழுந்து போனார்கள்.

கலந்து கொடுக்கிற மருமகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாமா, இந்தக் கசப்புல ஜின்னோட வாசனையே அமுங்கிப் போகுது. ஊத்தினாலும் ஒண்ணுதான், ஊத்தலைன்னாலும் ஒண்ணுதான்."

மாமனார் யோசித்தார். "அப்ப ஜின்னை ஏன் வீணாக்குறீங்க மாப்ளே? எனக்கு ஊத்துங்க."

"எந்த டானிக்ல?"

"பழசுலதான். இதை மனுஷன் குடிப்பானா? அந்த விளக்கையும் அணைங்க, கண்ணு கூசுது."