பொட்டை அழித்த வரி

மசாலா விளம்பரத்துக்கு முகம் தேவைப்பட்டபோது, ஏஐயில் விளம்பர வீடியோ செய்யும் வாசுகி வெளியே தேடவில்லை. அண்ணி பிரேமாவதியின் படத்தையே ஏஐக்கு ரெஃபரன்ஸாகக் கொடுத்தாள். மலேசியாவில் குருண் ஊர்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அண்ணிக்கு வாயெல்லாம் பல். வாரம் தவறாமல் டயாலிசிஸ் நாற்காலியில் கிடக்கும் பரஞ்சோதி அண்ணனுக்கும் பெருமைதான். விளம்பரம் எப்போது வரும் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

ஏஐ சொன்ன பேச்சு கேட்காது. ஒரே வாக்கியத்தைக் கொடுத்தாலும் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வீடியோ செய்யும். அதனால் ஏஐ எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று குறிக்கும் 'சீட்' எண்ணை மாறாமல் வைத்தாள் வாசுகி. எண்ணும் எழுத்தும் அமைப்பும் மாறாதவரை அதே வீடியோ திரும்ப வரும். காட்சி மாறினாலும் முகத்தைப் பிடித்துவைப்பது ரெஃபரன்ஸ் படம். வரக்கூடாதவற்றை எழுதும் நெகட்டிவ் பிராம்ப்டில் எப்போதும் ஒட்டும் வரியையே ஒட்டினாள்: மங்கல், கோணல் விரல், முகத்தில் புள்ளி, கறை.

மாதிரியைப் பார்த்ததுமே மசாலாக் கம்பெனி முதலாளி மணியம் சரி என்றுவிட்டார். மிச்சக் காட்சிகளையும் முடித்த பிறகுதான் வாசுகிக்கு உறைத்தது. எதிலும் அண்ணியின் நெற்றியில் பொட்டு இல்லை. விரல் கோணுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு நெற்றி கண்ணில் படவில்லை. ஏஐக்குப் பொட்டும் ஒரு புள்ளிதான், அழித்துவிட்டது. அண்ணன் அந்த நிலையில் கிடக்கும்போது, அண்ணி வெறும் நெற்றியோடு ஊர் முழுக்க மசாலா விற்பதா?

புள்ளியை அந்த வரியிலிருந்து எடுத்தாள். வேண்டியதை எழுதும் பிராம்ப்டில் சிவப்புப் பொட்டைச் சேர்த்து, அதே சீட் எண்ணில் ஓட்டினாள். பொட்டு வந்தது. எழுத்து மாறியதால் வெளிச்சமும் சேலை மடிப்பும் சற்று மாறின, அவ்வளவுதான். மணியம் இரண்டையும் பார்த்தார்.

"பழசே இருக்கட்டும். பொட்டு இல்லாட்டி மலாய்க்காரங்க, சீனவங்கன்னு எல்லா பாசார்லயும் ஓடும்லா."

அது தன் அண்ணி, அண்ணன் நோயில் கிடக்கிறார், அவர் கண்ணில் இது படவே கூடாது என்று வாசுகி கெஞ்சினாள். கம்ப்யூட்டர் செய்த பொம்பளைக்கு எந்தப் புருஷன் என்று கேட்டுவிட்டு மணியம் டீயைக் குடித்தார். கொடுக்கமாட்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தில் ஃபைலை அனுப்பிவிட்டாள். வீட்டிலும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த டயாலிசிஸ் அன்று அவள் போனபோது அண்ணன் கையிலிருந்த போனில் அந்த விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அண்ணி, விளம்பரம் பார்க்கவென்றே பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு வந்திருந்தாள். இப்போது போனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசுகி போனை வாங்கக் கை நீட்டினாள்.

அண்ணன் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"அதுக்குள்ள என்னை அனுப்பி வச்சிட்டியா, வாசுகி?"