நேராகப் பார்த்தால்

பதுளை ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்கில் டாக்டர் தர்மிளா சொன்னதைப் பவுலினாவால் நம்ப முடியவில்லை. பதினான்கு வயது மகள் கேஷானிக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று, கண்ணாடி வாங்கத்தான் அவள் நமுனுகுல தோட்டத்திலிருந்து வந்திருந்தாள்.

"கண்ணாடியால இது சரிவராது அம்மா. விழித்திரையின்ர நடுப்பகுதி கொஞ்சங்கொஞ்சமாப் பழுதாகுது. ஓரப் பார்வை இருக்கும். இது பரம்பரையா வாற வருத்தம்."

"எனக்கும் அவருக்கும் கண்ணு நல்லாத்தானேங்க இருக்கு?"

"உங்களுக்குத் தெரியாமலே ரெண்டு பேரிட்டயும் இருந்து வந்திருக்கு. சின்னவவையும் ஒருக்காப் பார்ப்பம்."

கூட வந்திருந்த பத்து வயது ஸ்டெலா நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். எழுத்து அட்டையைக் காட்டியதும் அக்காவைப் போலவே முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"அக்காவுக்குப் பழிப்புக் காட்டாத! நேரா பாரு!" என்று பவுலினா அதட்டினாள். இதற்காக அவளை வீட்டில் அடித்தும் இருக்கிறாள்.

"நேரா பாத்தா எழுத்து காணாம போகுதும்மா."

சொட்டு மருந்து விட்டு ஸ்டெலாவின் கண்களைச் சோதித்த டாக்டர், "இவவுக்கும் அதேதான்" என்றார் மெதுவாக.

பிறகு பாடசாலைக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார். முன் வரிசையில் இடம், பெரிய எழுத்தில் வினாத்தாள், பரீட்சையில் கூடுதல் நேரம், தலையைத் திருப்பிப் பார்த்தால் கண்டிக்க வேண்டாம்.

பஸ் பசறையைத் தாண்டியதும் பவுலினா இரண்டு கடிதங்களையும் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

"நாளைக்கு நான் வேலைக்குப் போகல," என்றாள். "ஒங்க ஸ்கூலுக்கு வாரேன்."