முட்டிக்கு ஒரு பேனர்

பிரிக்ஃபீல்ட்ஸில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம். நான் மலர், இன்சூரன்ஸ் ஏஜென்ட். சென்னை மாதிரி வெளிநாட்டு ஊர்களில் வைத்தியம் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி பில்லையும் பாலிசியையும் தமிழில் விளக்குவது என் வேலையில் பாதி. மீதிப் பாதி, அவர்கள் அதைக் காதில் வாங்காமல் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது.

கிள்ளானில் லோரி கம்பெனி நடத்தும் ஜெயராஜ், சென்னையிலிருந்து திரும்பிய கையோடு தன் புதுக் காரில் வந்தார். கூடவே கைத்தடியோடு மனைவி தனலெட்சுமி. ஒரு முட்டி மாற்றியாகிவிட்டது. கிளெய்ம் பணம் வந்தால்தான் மற்றதற்குப் போக முடியும். அந்த அக்கா படியேறப் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே வலித்தது. தனியாக வந்தால் அனுதாபம் கிடைக்காது என்று இழுத்து வந்திருக்கிறார்.

"இது பே அண்ட் கிளெய்ம் அண்ணே. நீங்க கட்டிட்டீங்க, இப்ப பில்லைக் காட்டித் திருப்பி வாங்கணும். நாமளா விரும்பி வெளிநாட்டுல செஞ்சா, இதே ஆபரேஷன் இங்க என்ன செலவாகுமோ அது வரைக்கும்தான் கொடுப்பாங்க. ப்ளேன் டிக்கெட், ஹோட்டல் கிடையாது."

"அப்ப வெட்டிருவானுங்க!"

"அப்படியில்ல, முழுசாக் கேளுங்க..."

"போன இடத்துல திடீர்னு ஆயிருந்தா?"

"எமர்ஜென்சின்னா இந்த அளவுக் கட்டுப்பாடெல்லாம் இல்ல, பில்லு முழுசும் தருவாங்க. ஆனா உங்களுக்கு அப்படி இல்லையே!"

அவர் காதில் விழுந்தது 'முழுசும்' மட்டும். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். சென்னை ஹோட்டல் படியில் மனைவி தடுக்கி விழுந்து முட்டி நொறுங்கியதாக அவரே கிளெய்ம் எழுதி அனுப்பினார்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் பெரிதாகத் துப்பறியவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே மூட்டுத் தேய்மானம், முன்கூட்டியே நாள் குறித்த ஆபரேஷன் என்றிருந்தது. டாக்டர் தப்பாக எழுதிவிட்டார் என்று சாதித்துப் பார்த்தார் மனுஷன். ஆனால் புறப்படும் முன் கோயிலில் அபிஷேகமும் அன்னதானமும் வைத்து, 'சென்னையில் முட்டி மாற்று சிகிச்சை வெற்றி பெற' என்று பேனர் கட்டி, ஃபேஸ்புக்கிலும் போட்டிருந்தாரே! பேனரில் அவர் முகம் பூசணிக்காய் அளவு, அக்கா முகம் எலுமிச்சை அளவு. நானும் போயிருந்தேன், பாயசம் நன்றாகத்தான் இருந்தது.

பொய் கிளெய்ம் என்று மொத்தத்தையும் தள்ளிவிட்டார்கள். பாலிசியும் போயிற்று.

மறுபடி இருவரும் வந்தார்கள். ஜெயராஜ் மேசையைத் தட்டினார். "உள்ளதைச் சொல்லியிருந்தா என்னலா கிடைச்சிருக்கும்? பாதியா?"

"ஆஸ்பத்திரி பில்லு அப்படியே கிடைச்சிருக்கும் அண்ணே. இதே ஆபரேஷனுக்குக் கிள்ளான் பிரைவேட் ஆஸ்பத்திரியில இன்னும் ஜாஸ்தி. உங்க சென்னை பில்லு அந்த அளவுக்குள்ளேயேதான் இருந்துச்சு. அன்னைக்கு அதைச் சொல்லத்தான் வாயத் திறந்தேன்."

அவர் மேசையிலிருந்து கையை எடுத்தார். எனக்குக் கோபம் அடங்கவில்லை. அவருக்காக இல்லை, அந்த மிச்ச முட்டிக்காக.

அக்கா கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"மத்த முட்டிக்கு உங்க புதுக் காரை வித்துருங்க. அடுத்த பேனர்ல என் மூஞ்சி மட்டும் போதும்."