கடைசியாகப் பயன்படுத்திய தேதி

அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்தைத் தாண்டிப் போனால், ரெக்கார்டு ரூம். பழைய நோயாளிகளின் கோப்புகளெல்லாம் அங்கேதான் அடுக்கடுக்காகத் தூங்கிக்கொண்டிருந்தன. இப்போது அத்தனையும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டதால், மாதக் கடைசியோடு அறையை இழுத்துப் பூட்டிவிடுவதென்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது.

கோப்புகளுக்குப் போக்கிடம் கிடைத்துவிட்டது. அவற்றைப் பத்தொன்பது வருஷமாகக் கட்டி மேய்த்த ரெக்கார்டு அக்காவுக்குத்தான் கிடைக்கவில்லை. அவளை ஊருக்கு வெளியே இருக்கிற கிளை ஆஸ்பத்திரிக்குப் போடப் போகிறார்கள் என்று காதில் விழுந்தது. ரெண்டு பஸ் மாறணும். போகட்டும், பஸ்ஸில் உட்கார்ந்துதானே போகிறோம் என்று அவள் கிளம்பிவிடுவாள். ஆனால் வீட்டில் மாமியார். இடுப்பெலும்பு ஒடிந்து ஒட்டவைத்த மனுஷி. மத்தியானம் ஒருத்தர் வந்து கைத்தாங்கலாக எழுப்பி பாத்ரூமுக்குக் கூட்டிப்போகாவிட்டால் நடக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு நடக்கிற தூரம். சாப்பாட்டு இடைவேளையில் ஓடிப்போய் அந்த வேலையை முடித்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வருவாள். கிளை ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவர முடியுமா?

இந்த நேரத்தில்தான் நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். காது கேளாதவர்கள் வந்தால் சீட்டுப் போடுவதிலிருந்து டாக்டரைப் பார்த்துவிட்டு மருந்து வாங்குவது வரைக்கும் கூடவே இருந்து பேசிக்கொடுக்க, வாசல் பக்கம் தனி கவுண்டர். ஒரே ஒரு ஆள் வேண்டும். சைகை மொழி தெரிந்திருக்கணும்.

அக்கா அந்தக் காகிதத்தை மூணு தடவை படித்தாள். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்னால் ஆறு வருஷம் அவள் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுதியில் வார்டனாக இருந்தவள். நாற்பது பிள்ளைகள். பகலெல்லாம் கையால்தான் பேச்சு. பள்ளிக்கூடத்தை வேறொன்றோடு சேர்த்தபோது வேலை போயிற்று.

விண்ணப்பத்தை வாங்கி, எழுதி, மேல்மாடியில் ஆளெடுக்கிற அதிகாரியிடம் கொடுத்தாள். அவருக்கு அந்த ஆஸ்பத்திரியில் தேதி சார் என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் ‘எந்தத் தேதியில்?’ என்று கேட்பார். நல்ல மனுஷர்தான். ஒருமுறை தனக்கு வயிற்றுவலி என்று டாக்டரிடம் போனபோதுகூட, வலி ஆரம்பித்த தேதியைச் சீட்டில் எழுதிக்கொண்டு போனாராம்.

தேதி சார் விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தின்மேல் பேனாவை வைத்தார். ‘இந்தத் திறமையைக் கடைசியாகப் பயன்படுத்திய தேதி’ என்று இருந்த கட்டத்தில் அக்கா ‘நேற்று’ என்று எழுதியிருந்தாள்.

வேலையை விட்டுப் பத்தொன்பது வருஷம் ஆகிறதே, நேற்று எங்கே பயன்படுத்தினீர்கள் என்று அவர் கேட்டார். விதி அஞ்சு வருஷம்தான். அதற்கு மேல் போயிருந்தால் திறமை காலாவதி. அவர் பத்தொன்பது வருஷத்தைப் போட்டு மூடிவிடலாம், தப்பில்லை. ஆனால் ‘நேற்று’ என்கிற எழுத்து அவரை உறுத்தியது.

அக்கா மேஜை விளிம்பைத் தடவினாள். பிறகு சொல்லிவிட்டாள்.

“வீட்டுக்காரரோட சண்டை போடறதுக்கு சார்.”

விஷயம் இதுதான். கல்யாணமாகி வந்தது ஒன்றரை அறை வீடு. மாமியாருக்கு இடுப்பு போனதே தவிர, காது பாம்புக் காது. புருஷனும் பெண்டாட்டியும் முணுமுணுத்தாலே ‘என்னைப் பத்தித்தானே’ என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். சண்டை போடாமல் குடும்பம் நடத்த முடியுமா? புருஷனுக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை, கை சுறுசுறுப்பு. ஆறே மாதத்தில் அவருக்குச் சைகை கற்றுக்கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சண்டைகூட வாயால் நடந்ததில்லை. அக்கம்பக்கத்தில் அவர்களை உதாரணமாகக் காட்டுவார்கள்.

தேதி சார் சிரிக்கவில்லை. அவருக்கு இது நிஜமான சிக்கல். முன்பு ஒருவர் லாரி ஓட்டத் தெரியும் என்று சொல்லி வந்தார். கடைசியாக ஓட்டியது பதினேழு வருஷத்துக்கு முன்பு. அதை அவர் சிரமமில்லாமல் தள்ளிவிட்டார். இன்னொருத்தி போன வருஷம் ஒரு வாரப் பயிற்சியில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கி வந்தாள். தேதி புதுசு, கை பழகவேயில்லை. அவளைச் சேர்த்துக்கொண்டு பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார். இதுவோ தினம் நடக்கிறது, ஆனால் எந்தப் பதிவிலும் இல்லை. விண்ணப்பத்தில் கேட்கிற கண்காணித்தவர் கையெழுத்துக்கு யாரிடம் போவது? புருஷன் கையெழுத்து செல்லுமா? எதிர்க்கட்சிக்காரர் ஆயிற்றே அவர்.

விதிப் புத்தகத்தைப் புரட்டினார். சந்தேகம் வந்தால் அந்தத் திறமையில் தேர்ந்த ஒருவரை வைத்து, அந்தப் பதவியில் செய்யவேண்டிய வேலைகளையே செய்யச்சொல்லிப் பார்க்கலாம் என்று ஒரு வரி இருந்தது. அவருக்கு உயிர் வந்தது. “வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வாங்கம்மா. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க,” என்றார்.

வியாழக்கிழமை காது கேளாதோர் சங்கத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்திருந்தார். அவரே காது கேளாதவர். சைகை சொல்லிக்கொடுப்பதில் முப்பது வருஷ அனுபவம். தேதி சாரிடம் சொல்லவேண்டியதை ஃபோனில் தட்டிக் காட்டுவார். தேதி சாரும் தட்டிக் காட்டுவார். அக்காவின் புருஷன் கிரீஸ் வாடையோடு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

வாத்தியார் முதலில் நோயாளி மாதிரி பேச ஆரம்பித்தார். படித்தவர் மாதிரி நிதானமாக, பிறகு வயசாளி மாதிரி கை நடுங்க, பிறகு ஒரு கையில் பையைப் பிடித்திருப்பவர் மாதிரி மறு கையால் மட்டும். ஒரு தடவை பாதி முகத்தைத் திருப்பிக்கொண்டு, வலியில் துடிக்கிறவர் மாதிரி அரைகுறையாக. அக்கா ஒன்றையும் விடவில்லை. அவர் கையைக் கீழே இறக்குவதற்குள் தேதி சாருக்கு வாயால் சொல்லிக்கொண்டே வந்தாள். சும்மாவா? புருஷன் அடுப்படியில் கரண்டியோடு நின்று ஒற்றைக் கையால், முதுகைக் காட்டிக்கொண்டு திட்டுவதையே பத்தொன்பது வருஷம் படித்தவள்.

வாத்தியாரின் புருவம் ஏறியது. இனி நீங்கள் பேசுங்கள் என்றார்.

எங்கே வலிக்கிறது என்று கேட்கச் சொன்னார். அக்கா கேட்டாள். வாத்தியார் நாற்காலியோடு அரை அடி பின்னால் போனார். சைகை மொழியில் முகமும் பேச்சில் பாதி. கேள்விக்கு ஒரு முகம் உண்டு, அதட்டலுக்கு வேறு முகம். அக்காவின் கை ‘எங்கே வலிக்கிறது’ என்று கேட்டது. முகம் ‘இன்னைக்கு எங்கே வலிக்கிறதாம் துரைக்கு’ என்று கேட்டது. ஓரத்தில் இருந்த புருஷன் அனுதாபத்தோடு தலையாட்டினார்.

அடுத்தது மருந்து. இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடணும் என்று சொல்லச் சொன்னார். அக்கா மளமளவென்று சொல்லிவிட்டுக் கையைத் தோளுக்கு மேல் வீசி முடித்தாள். வாத்தியார் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் அதே வீச்சு. அவர் ஃபோனில் தட்டி இருவருக்கும் காட்டினார்.

‘பிறகு என்பதற்கு இப்படி ஒரு சைகை கிடையாது. இதைப் பார்த்தால், சாப்பிட்டாயிற்றா, மாத்திரையைத் தூக்கிப் போடு என்றுதான் நான் புரிந்துகொள்வேன்.’

அக்கா புருஷனைப் பார்த்தாள். ‘அதெல்லாம் அப்புறம், இப்ப ஆளை விடு’ என்பதற்கு அவர்கள் வீட்டில் எப்போதோ உண்டான வீச்சு அது. எந்த வருஷம் உண்டாயிற்று, எது பள்ளிக்கூடத்தில் கற்றது, எது அடுப்படியில் பிறந்தது என்று இப்போது அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கையைப் பார்த்தாள். இத்தனை நாள் நம் கை என்றிருந்தது வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

ஒரு வயசான மனுஷன் மாத்திரையைத் தூக்கிப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறதை நினைத்துப் பார்த்தாள். மாமியாரின் மாத்திரை டப்பா நினைவுக்கு வந்தது.

“நேத்துன்னு எழுதினது பொய்யில்ல சார்,” என்றாள் தேதி சாரிடம். “ஆனா இந்தக் கையை நம்பி ஒரு சீக்காளியை அனுப்பாதீங்க. நான் கிளை ஆஸ்பத்திரிக்கே போறேன்.”

அவள் எழுந்துவிட்டாள். பின்னாலிருந்து புருஷன் என்னவோ சைகை செய்தார். அவள் திரும்பி நின்று பதில் கொடுத்தாள். அவர் விடவில்லை. அம்மாவை மத்தியானம் யார் எழுப்புவது, நான் எந்த லிஃப்டில் மாட்டிக்கொள்வேனோ தெரியாது, வந்த வாய்ப்பை உதைத்துவிட்டுப் போகிறாய் என்றார். ஒருத்தர் உயிரோடு விளையாடச் சொல்கிறீர்களா என்று இவள் கேட்டாள். பத்தொன்பது வருஷத்துச் சரக்கும் அந்த அறைக்குள் ஓசையில்லாமல் இறங்கியது. ஜன்னல் பக்கம் போன நர்ஸ் ஒருத்தி, ஏதோ நாட்டிய ஒத்திகை என்று நினைத்து நின்று பார்த்தாள். தேதி சாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக் கழுத்து வலித்துப் போயிற்று.

வாத்தியார் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஃபோனை எடுத்து நீளமாகத் தட்டினார்.

அவர் எழுதியது இது. இந்தம்மாவிடம் இருப்பது ஒரு திறமை இல்லை, ரெண்டு. பார்த்துப் புரிந்துகொள்வது ஒன்று, தானே சொல்வது ஒன்று. புரிந்துகொள்வது இன்றைக்கும் கூர்மையாக இருக்கிறது. என்னிடம் போன வருஷம் தேறிய பிள்ளைகளுக்கே ஒற்றைக் கைப் பேச்சு பிடிபடாது. அது வர வருஷக்கணக்காகும். சொல்வதில் களை மண்டியிருக்கிறது. அது பிடுங்கினால் போகும். ஆஸ்பத்திரிச் சொற்கள் சில இவரிடம் எப்போதுமே இருந்ததில்லை. அதைக் கற்றுக்கொடுக்கலாம். தன் கை தப்பு என்று தெரிந்ததும் தானே நிறுத்திக்கொண்டார் பாருங்கள், அதை என்னால் யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது.

தேதி சார் அதை ரெண்டு முறை படித்தார். அவருடைய படிவத்தில் ஒரே கட்டம். உண்டு அல்லது இல்லை. அவர் ஸ்கேலை எடுத்து அந்தக் கட்டத்தின் நடுவே ஒரு கோடு இழுத்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஒரு படிவத்தில் கைவைத்தது அதுதான் முதல் தடவை. ஒரு பாதியில் ‘புரிந்துகொள்ளுதல்: நடப்பில் உள்ளது’ என்று எழுதி அன்றைய தேதியைப் போட்டார். மறு பாதியில் ‘சொல்லுதல்: திருத்தத்துக்குரியது, மூன்று மாதம் கழித்து மறுபடி சோதனை’ என்று எழுதி அந்தத் தேதியையும் போட்டார். அதுவரை கவுண்டரில் அக்கா இருக்கலாம். வாத்தியார் வாரம் ரெண்டு நாள் வந்து சொல்லிக்கொடுப்பார். மருந்து, ஆபரேஷன், சம்மதக் கையெழுத்து, இந்த மூன்றையும் வாத்தியார் எதிரில்தான் சொல்லணும். அவர் இல்லாத நாளில் எழுதிக் காட்டணும்.

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

வாத்தியார் இன்னும் ஒரு நிபந்தனை என்றார். அதை ஃபோனில் காட்டாமல் புருஷனைப் பார்த்துக் கையாலேயே சொன்னார். புருஷனின் முகம் தொங்கிப்போயிற்று. என்ன சொல்கிறார் என்று தேதி சார் கேட்க, புருஷன்தான் வாயைத் திறந்தார்.

“மூணு மாசத்துக்கு வீட்ல நாங்க சைகையே பண்ணக் கூடாதாம் சார். பண்ணினா களை மறுபடி முளைச்சிடுமாம்.”

தேதி சார் அதையும் எழுதி, எந்தத் தேதி வரைக்கும் என்று போட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

ரெண்டு பேரும் படியிறங்கி வந்தார்கள். ஒரு தளம் இறங்கியதும், இவ்வளவு பெரிய மனுஷர்கள் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டீர்களே என்று அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. கை எழுந்தது. பாதியில் பிடித்து இன்னொரு கைக்குள் அமுக்கிக்கொண்டாள். அவருக்கும் சொல்ல நிறைய இருந்தது போல. ரெண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றார்.

வாயால் சண்டை போட்டு அவர்களுக்குப் பழக்கமே இல்லை. குரலை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது, ஒருத்தர் பேசும்போது மற்றவர் சும்மா இருக்கணுமா, ஒன்றும் தெரியவில்லை. படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“ஏங்க,” என்றாள் அக்கா, வெகு தணிவாக. “மொதல்ல நீங்க ஆரம்பிங்க.”