நைட்ரஜனுக்கு அடுத்த சரிவு

விடைத்தாள் திருத்தும் கூடத்தில் தலைமைத் திருத்துநருக்குக் கத்திரி என்று பெயர். அவர் முன்னால் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. தேர்ச்சிக்கு இரண்டு மூன்று மதிப்பெண் குறைந்த தாள்களை அவர் மறுபடி பார்த்தாக வேண்டும். அப்படி ஒரு முதலாண்டுத் தாளை எடுத்துக்கொண்டு புது விரிவுரையாளரின் மேஜைக்கு வந்தார்.

"இந்தப் பையன் ரெண்டு மார்க்ல போறான்மா. அயனியாக்கும் ஆற்றல் போரான்லயும் ஆக்சிஜன்லயும் ஏன் குறையுதுங்கிற கேள்வியில பாதிதான் போட்டிருக்கீங்க."

"போரானுக்கு ரெண்டு போட்டேன் சார். பெரிலியத்துல 2s எலக்ட்ரான் போகணும், போரான்ல 2p எலக்ட்ரான், அது ஆற்றல்ல மேல இருக்கு, 2s அதைக் கொஞ்சம் மறைக்குது, அதனால சுலபமா கழண்டுடும்னு சரியா எழுதியிருக்கான். ஆக்சிஜனுக்குத்தான் 'பாதி நிரம்பிய' அப்படிங்கிற வார்த்தையே இல்ல. மார்க் போடுற ஸ்கீம்ல அதுதானே இருக்கு."

"என்ன எழுதியிருக்கான், படிங்க."

அவள் படித்தாள். நைட்ரஜனில் மூன்று p எலக்ட்ரானும் ஆளுக்கொரு ஆர்பிட்டாலில் தனித்தனியாக இருக்கின்றன. ஆக்சிஜனில் நான்காவது எலக்ட்ரான் ஏற்கெனவே ஆள் இருக்கும் ஆர்பிட்டாலில் போய் உட்கார வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். கருவின் மின்சுமை கூடியும், அந்த ஜோடியில் ஒன்றை வெளியே எடுப்பது எளிது.

முதல் தடவை இதை அவள் படிக்கவில்லை. வார்த்தையைத் தேடினாள். மூன்று நாளாக எல்லாத் தாளிலும் அதைத்தான் தேடினாள்.

"காரணத்தைச் சொல்லிட்டான். பேரைத்தான் சொல்லல," என்றார் கத்திரி. "பேரு வெக்கிற வேலைக்கா மார்க் குடுக்குறோம்?"

அவள் இரண்டு போட்டாள். கூட்டலைத் திருத்திக் கையெழுத்திட்டாள். பையன் தேறிவிட்டான். கத்திரி அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்.

"சார்."

"என்ன?"

"மத்த தாள்ல வார்த்தை இருந்தா டிக் போட்டுட்டேன். எங்க இருந்துச்சுன்னு பாக்கல."

கத்திரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல நேரத்துல சொன்னீங்க. அஞ்சு மணிக்கு பஸ்ஸுன்னு சொன்னேனே."

"நீங்க போங்க சார், நானே பாத்துக்கறேன்."

"தலைமைன்னு போட்டு கையெழுத்து வாங்குறாங்களே, எதுக்கு?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் திருத்தி முடித்த கட்டின் நூலை அவிழ்த்தாள். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. நடுவில் ஒரு தாள், அழகான கையெழுத்து: 'ஆக்சிஜனின் 2p பாதி நிரம்பியிருப்பதால் எலக்ட்ரான் எளிதில் வெளியேறும்.' பக்கத்தில் அவளுடைய பெரிய டிக். மொத்தம் தேர்ச்சிக்குச் சரியாக நின்றது.

"பாதி நிரம்பினது நைட்ரஜன்," என்றாள்.

"ஆமா."

"எடுத்தா இந்தப் பிள்ளை போயிடும்."

"போயிடும்."

"மத்த கேள்வியில ஏதாவது விட்டிருக்கேனா பாருங்க சார்."

அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை நிதானமாகப் பார்த்தார். அரை மதிப்பெண்கூடத் தேறவில்லை. தாளை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் டிக்கைக் கோடிட்டு அடித்துச் சுழியம் போட்டாள். அடுத்த தாளை எடுத்தாள். இந்தத் தடவை வரிவரியாகப் படித்தாள்.